பெட்டி இல்லாத பிஸ்டன்: எந்த வண்டி, எந்த பார்ட் நம்பர்?

மாமாவின் பட்டறையில் அலமாரிக்குப் பின்னால் மழைத்தண்ணீர் இறங்கி, அட்டைப் பெட்டியில் இருந்த பழைய ஸ்டாக் எல்லாம் நனைந்துவிட்டது. சாமான்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பெட்டியும் லேபிளும் கூழாகிவிட்டன. துடைத்து மேசையில் பரப்பியபோது கேபிள், கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ எல்லாவற்றையும் மாமா பார்த்த மாத்திரத்தில் பிரித்து வைத்துவிட்டார். பிஸ்டன்களில்தான் சிக்கல். நம் ஊரில் ஓடும் நூறு, நூற்றிருபத்தைந்து சிசி வண்டிகளின் பிஸ்டன்களை வரிசையாக வைத்தால், பழகிய கண்ணுக்கே வித்தியாசம் தெரியாது. அதில் ஒன்றைக் கண்டுபிடித்த விதத்தை மட்டும் விவரமாக எழுதுகிறேன். முறை தெரிந்துவிட்டால் மற்றவற்றுக்கும் அதே வழிதான்.

முதல் வேலை அளவு எடுப்பது. பிஸ்டன் பார்க்க நேரான உருளை மாதிரி இருந்தாலும் அது அப்படி இல்லை. நெருப்பு படும் மேல்பக்கம் அதிகம் விரியும் என்பதால் அங்கே விட்டம் குறைவாக வைத்திருப்பார்கள். பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் ‘பின்’ என்ற கம்பி போகிற திசையிலும் கொஞ்சம் ஒடுங்கியிருக்கும். அதனால் வெர்னியரைக் கண்ட இடத்தில் வைத்தால் கண்ட அளவு வரும். பாவாடைப் பகுதியின் கீழ் விளிம்பிலிருந்து சுமார் 10 மி.மீ. மேலே, பின் ஓட்டைக்குக் குறுக்காக, அதாவது 90 டிகிரியில் பிடித்துத்தான் அளக்க வேண்டும். எங்கள் பிஸ்டனை அப்படி அளந்தால் 52.6-ஐத் தாண்டியது. தலைப்பக்கம் அளந்தாலோ அரை மில்லிக்குக் கிட்டக் குறைவாகக் காட்டியது. அந்தத் தலைப்பக்க அளவை நம்பியிருந்தால் முற்றிலும் வேறு வண்டியைத் தேடிக்கொண்டிருப்போம்.

வெர்னியரில் தெரிந்ததை உறுதி செய்ய, பக்கத்து லேத் பட்டறையிலிருந்து மைக்ரோமீட்டர் வாங்கி வந்தேன். இதற்கு 50 முதல் 75 மி.மீ. வரை அளக்கும் மைக்ரோமீட்டர் வேண்டும். பல கடைகளில் இருக்கும் 25–50 அளவுள்ளதில் இந்த பிஸ்டன் நுழையவே நுழையாது. அதில் வந்தது 52.62.

இந்த எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு தேடினால் ஒன்றும் கிடைக்காது. 52.62 என்று எந்தக் கம்பெனியும் போர் அளவு, அதாவது சிலிண்டரின் உள்விட்டம், போடுவதில்லை. பிஸ்டன் எப்போதும் போரைவிட ஒரு மில்லியில் நூறில் சில பங்கு சின்னதாக இருக்கும். ஆக, இது போக வேண்டிய போர் கிட்டத்தட்ட 52.65. அப்படியும் ஒரு ஸ்டாண்டர்ட் அளவு நினைவுக்கு வரவில்லை. இது ஓவர்சைஸாக இருக்கலாம் என்ற எண்ணம் அங்கேதான் வந்தது. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கினால் போடுவதற்கென்று 0.25, 0.50, 0.75, 1.00 என்று கூடுதல் அளவுகளில் பிஸ்டன் வரும். 52.65-இலிருந்து இவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்க வேண்டும். 0.25 கழித்தால் 52.4. சரி, இது தெரிந்த அளவு.

தலையில் காய்ந்து ஒட்டியிருந்த கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபோது, IN என்ற எழுத்தும் சற்றுத் தள்ளிப் பொடியாக 0.25 என்றும் தெரிந்தது. IN என்பது இன்டேக் வால்வு பக்கம் இருக்க வேண்டிய குறி. 0.25 நம் கணக்கைச் சரி என்று சொன்னது. முதலிலேயே துடைத்துப் பார்த்திருந்தால் அளக்கவே வேண்டியதில்லையே என்று கேட்கலாம். அந்தக் குறி எவ்வளவு கூடுதல் என்று மட்டும்தான் சொல்லும், எதைவிடக் கூடுதல் என்று சொல்லாது. அளவும் குறியும் சேர்ந்தால்தான் அடிப்படை போர் என்ன என்று உறுதியாகத் தெரியும்.

இப்போது 52.4 போர் உள்ள வண்டிகள் எவை என்று பார்க்க வேண்டும். ஹோண்டா ஷைனின் பழைய 124.7 சிசி இன்ஜின் 52.4 × 57.8, அதாவது போர் 52.4, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 57.8. ஸ்டன்னருக்கும் அதே அளவு. ஹீரோ ஹோண்டாவாக இருந்த காலத்து சூப்பர் ஸ்ப்ளெண்டர், கிளாமர் 125 இரண்டும் அதேதான். யமஹாவின் ஃபேசினோ 125-க்கும் போர் 52.4-தான், ஸ்ட்ரோக் மட்டும் 57.9. சுசுகி ஆக்சஸ் 125-க்கு 52.5 என்பதால் அதன் 0.25 பிஸ்டன் போகும் போர் 52.75 ஆகிவிடும். எனவே அது பட்டியலில் இல்லை. பத்தில் ஒரு மில்லி வித்தியாசம்தான், ஆனால் ஒழுங்காக அளந்தால் அது தெளிவாகவே தெரியும்.

யமஹாவை ஒதுக்குவதில் சிரமம் இல்லை. அந்த 125 ஸ்கூட்டர் இன்ஜின் வந்ததே அண்மையில்தான், மாமாவின் இந்த ஸ்டாக் அதற்கு வெகுகாலம் முந்தியது. மிச்சம் ஹோண்டா, ஹீரோ இரண்டும். போர் ஒன்றாக இருப்பதால் ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை. பின் ஓட்டையின் நடுவிலிருந்து தலை வரை உள்ள உயரமும், வால்வு இடிக்காமல் இருக்கத் தலையில் விட்டிருக்கும் பள்ளத்தின் ஆழமும் ஒத்துப்போக வேண்டும். உயரம் குறைந்தால் கம்ப்ரஷன் போய்விடும். பள்ளத்தின் ஆழம் போதாவிட்டால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். அதனால் யாருடைய பிஸ்டன் என்பது உறுதியாக வேண்டும்.

அதற்கு வழி பிஸ்டனின் உள்ளேயே இருந்தது. கவிழ்த்து, டார்ச் அடித்து, பின் ஓட்டையைச் சுற்றியுள்ள தடித்த பகுதியைப் பார்த்தேன். வார்ப்பிலேயே வந்த எழுத்துகள் மங்கலாக இருந்தன. பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தபோது KTE என்று படிக்க முடிந்தது. வெளிச்சத்தை நேராக அடித்தால் இது தெரியாது. பக்கவாட்டில் அடித்தால்தான் எழுத்தின் நிழல் விழும்.

ஹோண்டாவின் பார்ட் நம்பர் மூன்று துண்டாக இருக்கும். முதல் ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்பதைச் சொல்லும். நடுவில் உள்ள மூன்று எழுத்து, அந்தப் பாகம் முதன்முதலில் எந்த மாடலுக்காகச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். கடைசி மூன்று இலக்கம் அதன் வகையையும் திருத்தத்தையும் குறிக்கும். KTE என்பது ஷைனுக்கான எழுத்து. முதல் ஐந்தும் நமக்குத் தெரிந்ததுதான். ஸ்டாண்டர்ட் பிஸ்டன் 13101, 0.25 என்றால் 13102, 0.50 என்றால் 13103, அப்படியே 13105 வரை போகும். ஆக நம் மேசையில் இருப்பது:

```
13102-KTE-...
```

கடைசி மூன்றை ஊகித்து எழுதக் கூடாது. அதற்கு அந்த மாடலின் பாகப் பட்டியல் வேண்டும். ஸ்பேர்ஸ் கடையில் அண்ணனிடம் முதல் எட்டையும் சொன்னேன். அவர் இன்ஜின் பகுதியில் சிலிண்டர், பிஸ்டன் படம் இருக்கும் பக்கத்தைத் திரையில் திறந்தார். படத்தில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு வரிசை எண் இருக்கும், பக்கத்து அட்டவணையில் அதற்கு நேரே முழு நம்பர் இருக்கும். பிஸ்டனுக்கு நேரே ஸ்டாண்டர்டும் ஓவர்சைஸ்களும் தனித்தனி வரியாக இருந்தன. 0.25 வரியைக் குறித்துக்கொண்டேன்.

“நம்பரை அப்படியே எழுதி வச்சுக்காதீங்க தம்பி, அடிச்சுப் பாத்துடறேன்” என்றார். பழைய நம்பரை நிறுத்திவிட்டுப் புது நம்பர் கொடுத்திருந்தால், பழையதை அடித்ததும் புதியது வரும். லேபிளில் இரண்டையும் எழுதி வைப்பதுதான் நல்லது. பின்னாளில் யாராவது பழைய பில்லை வைத்துத் தேடினாலும் கிடைக்கும்.

நடுவில் உள்ள மூன்றெழுத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது பாகம் பிறந்த மாடலைத்தான் சொல்கிறதே தவிர, அது பொருந்தும் வண்டிகள் அத்தனையையும் சொல்வதில்லை. ஒரே பாகத்தைப் பின்னால் வந்த மாடலிலும் போட்டிருப்பார்கள், ஆனால் எழுத்து மாறாது. அதேபோல் வெளிக் கம்பெனி பிஸ்டன்களில் இந்த எழுத்து இல்லாமல், அவர்களுடைய சொந்தக் குறி மட்டும் இருக்கும். அங்கே அளவை வைத்து அந்தக் கம்பெனியின் பட்டியலில்தான் தேட வேண்டும்.

“ஷைன் பிஸ்டன்” என்று மட்டும் லேபிள் ஒட்டினால் அடுத்த சிக்கல் ஆரம்பிக்கும். 2020-இல் பிஎஸ்-6 புகை விதி வந்தபோது ஷைனின் இன்ஜின் மாறிவிட்டது. இப்போது 123.94 சிசி, போர் 50, ஸ்ட்ரோக் 63.1. அதில் இந்த பிஸ்டன் உள்ளே போகவே போகாது. அதனால் வண்டிப் பெயரோடு இன்ஜின் நம்பரின் ஆரம்பத்தையும் எழுதினேன். பட்டறையில் போர் தேய்ந்து நின்றிருந்த வாடிக்கையாளர் ஷைனில் JC36E என்று ஆரம்பித்தது. பழைய 124.7 இன்ஜின் என்பதற்கு அதுவே சாட்சி.

அந்த வண்டிக்கே இதைப் போட்டுவிடலாம் என்று மாமா முடிவு செய்தார். பிஸ்டன் கையில் இருந்தாலும் ரிங் இல்லை. ரிங்குக்கும் அதே கணக்குதான், நம்பர்தான் வேறு மாதிரி ஏறும். ஸ்டாண்டர்ட் 13011, 0.25 என்றால் 13021, 0.50 என்றால் 13031. ஸ்டாண்டர்ட் ரிங்கை ஓவர்சைஸ் பிஸ்டனில் மாட்டினால் காடியில் அழகாக உட்காரும், அதுதான் ஆபத்து. போருக்குள் போனதும் வாய் இடைவெளி அதிகமாகி, வண்டி புகை தள்ளும். பெட்டியைப் பிரித்ததும் ரிங்கின் வாய்ப்பக்கம் 25 என்ற குறி இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன்.

சிலிண்டரைக் கடைய அனுப்பும்போது பிஸ்டனையும் கூடவே கொடுத்துவிட வேண்டும். 0.25 என்று வாயால் சொன்னால் போதாது. போரிங் கடைக்காரர் கையில் உள்ள பிஸ்டனை அளந்து, அதற்கு வேண்டிய இடைவெளியைக் கூட்டித்தான் போரைக் கடைந்து ஹோனிங் செய்வார்.

மேசையில் மிச்சமிருந்த 50 மி.மீ. பிஸ்டன்கள் இதைவிடக் கடினம். ஸ்ப்ளெண்டர் 97.2 சிசிக்கு 50 × 49.5, பழைய ஆக்டிவா 109.2 சிசிக்கு 50 × 55.6, புது ஷைனுக்கும் 50. போர் அளவு இங்கே எதையும் பிரித்துக் காட்டாது. உள்ளே எழுத்து படிக்க முடிந்தவற்றுக்கு நம்பர் கிடைத்துவிட்டது. எழுத்தே இல்லாத ஒன்றைப் பின் விட்டம், பின்னிலிருந்து தலை வரை உயரம், வால்வுப் பள்ளத்தின் ஆழம் மூன்றையும் சீட்டில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தனியாக வைத்திருக்கிறோம். தெரிந்த வண்டியின் பழைய பிஸ்டன் ஏதாவது கழன்று வரும்போது பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.