மோசமான வரவுசெலவுக்கு ஒரு தேதி வேண்டும்

செந்தூலில் எஸ்பிஎம் மாணவர்களுக்கு மாலை வகுப்பு நடத்தும் ஒரு சிறிய சங்கத்தில் நான் கணக்குப் பார்க்கிறேன். இபிஎஃப், சொக்சோ உட்பட மாதம் 20,000 ரிங்கிட் செலவு. ஆண்டுச் செலவில் பாதிக்கு, அதாவது 1,20,000 ரிங்கிட்டுக்கு, ஒரே நிறுவனத்தின் மானியத்தை நம்பியிருக்கிறோம். அதைப் புதுப்பிப்பார்களா என்று இந்த ஆண்டு மார்ச் கடைசியில்தான் தெரியும் என்றார்கள்.

நல்ல நிலை, எதிர்பார்க்கும் நிலை, மோசமான நிலை என மூன்று வரவுசெலவு போட உட்கார்ந்தோம். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்பதால் மானியத்தைப் பாதியாக, 60,000 என்று எழுதலாம் என்றார் செயலவையில் ஒருவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தத் தொகையைத் தருவதாக யாரும் சொல்லவில்லையே! எதிர்பார்க்கும் நிலையில் முழுத்தொகை ஏப்ரலில் வரும் என்றும், மோசமான நிலையில் சுழியம் என்றும் எழுதினோம்.

மாதவாரியாகப் பிரித்த பிறகுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. ஜனவரி முதல் மார்ச் வரை இரண்டு நிலைகளும் ஒன்றுதான். மற்ற நன்கொடைகள் மாதம் 7,000, பற்றாக்குறை 13,000. வங்கியில் 90,000 இருந்தாலும் அதில் 40,000 கணினி அறைக்கென்று கொடுக்கப்பட்டது, தொட முடியாது. மீதி 50,000.

மானியம் இல்லாவிட்டால் 3,000 ரிங்கிட் சம்பளம் வாங்கும் எங்கள் ஒருங்கிணைப்பாளரை அனுப்ப வேண்டிவரும். அவர் ஆறு ஆண்டுகள் வேலை செய்திருக்கிறார். சட்டப்படி எட்டு வார முன்னறிவிப்பும், ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்று பணிநீக்கத் தொகையும் தர வேண்டும். அந்தத் தொகை மட்டும் கிட்டத்தட்ட 11,800. அதற்காக 12,000 ஒதுக்கினால் மீதி 38,000, மூன்று மாதம்கூட முழுதாகத் தாங்காது. முன்னறிவிப்புக் காலத்தையும் கழித்தால், ஜனவரி கடைசியிலேயே முடிவெடுக்க வேண்டும். மானியத்தின் பதிலோ அதற்கு இரண்டு மாதம் கழித்து! நல்ல மனிதர் ஒருவரை வெறும் சந்தேகத்தில் வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அதனால் அந்தத் தேதியைத் தள்ளிவைக்க வழி தேடினோம். கணினி அறைக்குக் கொடுத்தவரிடம் பேசி, 20,000 ரிங்கிட்டை நடப்புச் செலவுக்கு மாற்றிக்கொள்ள எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் வாங்கினோம். வாய்ச்சொல் தணிக்கையில் நிற்காது. அப்புறம் இரண்டு கணித வகுப்புகளை ஒன்றாக்கினோம். பகுதிநேர ஆசிரியர் கட்டணத்தில் மாதம் 2,000 குறைந்தது. இப்போது கையில் 58,000, பற்றாக்குறை 11,000. பணம் ஜூன் தொடக்கம் வரை வரும், முடிவெடுக்கும் நாள் ஏப்ரல் முதல் வாரத்துக்குப் போனது.

நல்ல நிலைக்கு அதிக நேரம் செலவிடவில்லை. கூடுதல் பணம் வந்தால் மேசை, புத்தகம் போல ஒருமுறைச் செலவு மட்டும், புதிதாக நிரந்தரச் சம்பளம் எதுவும் சேர்க்கக் கூடாது என்று எழுதி வைத்தோம்.

மார்ச் கடைசி வாரம் பதில் வந்தது: 90,000. மூன்று தாளிலும் இல்லாத தொகை. சரி, ஒருங்கிணைப்பாளர் இருக்கிறார், கணித வகுப்புகள் ஆண்டு முடியும்வரை ஒன்றாகவே நடக்கும்.