மழைக்காலத்துச் சனிக்கிழமைப் படங்கள்

ஜூன் 14, சனி. பொகவந்தலாவை

இன்று பாதியிலேயே டிவியை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. பிள்ளைகள் படம்தானே என்று நம்பி ‘ஃபைண்டிங் நீமோ’ போட்டேன். தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே பெரிய மீன் ஒன்று பாய்ந்து வருகிறது. அதன் பிறகு தாய் மீனைக் காணோம், முட்டைகளில் ஒன்றுதான் மிச்சம். கடிப்பதை எல்லாம் காட்டவில்லை. ஆனாலும் சின்னவனுக்கு 5 வயது. “அம்மா மீன் எப்ப வரும்?” என்று கேட்டுக்கேட்டே அழுதான். பெரியவள் அவனைச் சமாதானப்படுத்த, அம்மா சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். பேச்சும் இங்கிலீஷ், கீழே ஓடிய எழுத்தும் இங்கிலீஷ். நாற்பது வருஷம் கொழுந்து பறித்தவர், தமிழ் எழுத்தையே மெதுவாகத்தான் கூட்டிப் படிப்பார். அப்பா மட்டும் கடலின் நிறத்தை ரசித்துக்கொண்டிருந்தார்.

தப்பு என்னுடையது. அட்டையில் போட்டிருக்கும் வயதுக் குறியை நம்பினேன். அடிதடி, ரத்தம், கெட்ட வார்த்தை இருந்தால் அது எச்சரிக்கும். தாயைப் பிரிவதை ஒரு பிள்ளை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று அதில் தெரியாது.

ஜூன் 21, சனி

இந்த வாரம் தேர்வு அப்பாவுடையது: 1965இல் வந்த ‘திருவிளையாடல்’. இரண்டரை மணி நேரப் படம். சின்னவன் எட்டு மணிக்குத் தூங்கிவிடுவான். ஓடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தப் படமே தனித்தனிக் கதைகளாகத்தான் போகிறது. கோபித்துக்கொண்டு பழனிக்குப் போன முருகனுக்குப் பார்வதி ஒவ்வொன்றாகச் சொல்லும் கதைகள். அதனால் இன்று தருமி கதையோடு நிறுத்தினோம்.

நாகேஷ் கோயிலில் தனியாகப் புலம்பத் தொடங்கியதும் சின்னவன் உருண்டு உருண்டு சிரித்தான். சொன்னது பாதி அவனுக்குப் புரிந்திருக்காது. முகம், கை, ஓட்டம் போதும். அப்பா வசனத்தை ஒரு நொடி முந்தியே சொன்னார். நக்கீரரை நெற்றிக்கண் சுடும் இடத்துக்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன்: “இவரை எரிப்பாங்க, அப்புறம் எழுப்பிடுவாங்க.” முன்கூட்டியே சொன்னதால் சின்னவன் பயப்படவில்லை. எழுப்புகிற இடத்துக்காகக் காத்திருந்தான். தட்சன் யாகக் கதையைச் சின்னவனுக்கு இப்போதைக்குக் காட்டப்போவதில்லை, அதில் ஆவேசம் அதிகம். மீனவர் கதை அடுத்த முறைக்கு.

ஜூன் 28, சனி

மீனவர் கதை நடக்கவில்லை. ஆறு மணிக்குப் பிடித்த மழை எட்டரை வரை தகரக் கூரையில் கொட்டியது. சத்தத்தைக் கூட்டினேன். பாட்டும் மேளமும் கூடியதே தவிர, வசனம் தெளியவில்லை. அம்மாவுக்கு வலது காது கொஞ்சம் மந்தம். “கத்துறாங்க, என்ன சொல்றாங்கன்னு விளங்கல” என்றார். டிவியில் பேச்சை மட்டும் தூக்கும் அமைப்பைப் போட்டுப் பார்த்தேன். மழை விட்டிருந்தால் அது போதுமாயிருக்கும்.

படுக்கும்போதுதான் தோன்றியது, வயதைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் காதைப் பற்றி யோசித்திருக்க வேண்டும். ஜூன், ஜூலையில் இந்தப் பக்கம் மாலை மழை எப்படியும் வரும். பேச்சே தேவைப்படாத படம் வேண்டும்.

ஜூலை 5, சனி

சாப்ளினின் ‘தி சர்க்கஸ்’, 1928. ஒரு மணி நேரம் பத்து நிமிடத்துக்குச் சற்றுக் கூட. நேற்று இரவே தனியாக ஒருமுறை பார்த்துவிட்டேன். தொடக்கத்திலேயே சர்க்கஸ் முதலாளி வளர்ப்பு மகளை அடித்துப் பட்டினி போடுகிறான். அந்த இடத்தில் என்ன சொல்வது என்று முடிவு செய்துகொண்டேன். இடையில் வரும் எழுத்து அட்டைகள் கொஞ்சம்தான். அவற்றை நானே தமிழில் சத்தமாகச் சொன்னேன். மழை கொட்டியது, யாருக்கும் கவலையில்லை.

முதலாளி அடித்தபோது சின்னவன் என் கையைப் பிடித்தான். “இவனுக்கு அப்புறம் நல்லா கிடைக்கும்” என்றேன். கண்ணாடி அறையில் சாப்ளின் வழி தெரியாமல் முட்டியபோது அம்மாவே முதலில் சிரித்தார். சிங்கக் கூண்டுக்குள் அவர் மாட்டிக்கொண்டதும் “சத்தம் போடாதடா, எழும்பிரும்!” என்று டிவியைப் பார்த்து எச்சரித்தார். கம்பி மேல் நடக்கும்போது குரங்குகள் ஏறிக்கொண்ட இடத்தைச் சின்னவன் மூன்று தரம் போடச் சொன்னான், போட்டேன்.

முடிவில் சர்க்கஸ் வண்டிகள் எல்லாம் போய்விட, அந்த ஆள் மட்டும் வெற்றுத் திடலில் உட்கார்ந்திருக்கிறான். இதற்குத்தான் நான் பதில் தயார் செய்யவில்லை.

“அப்பாயி, அவரு ஏன் வண்டியில ஏறல?”

“அந்தப் பொண்ணு நல்லா இருக்கட்டும்னு விட்டுட்டு வாறாருடா” என்றார் அம்மா. “நடக்கத் தெரியும்ல அவருக்கு.”

சின்னவன் யோசித்தான். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி, குசினி வரை நடந்து போனான்.