சமபந்தய ஆட்டம் எத்தனை சுற்று நீடிக்கும்?

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சித்தூர் வட்டத்தில் புள்ளியியல் நடத்துகிறவர் மூன்று மொழிகளுக்கு நடுவே நிற்கிறார். பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது, அலுவலகச் சுற்றறிக்கை மலையாளத்தில் வருகிறது, கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் வேலந்தாவளத்திலிருந்தும் வரும் மாணவர்களில் பலர் பள்ளிப்படிப்பைத் தமிழ்வழியில் முடித்தவர்கள். சூதாடி ஓட்டாண்டியாகும் கணக்கை நான் அவர்களுக்குத் தமிழில்தான் விளக்கி வந்திருக்கிறேன். அந்தக் கணக்கில் இரண்டு கேள்விகள் உண்டு. யார் வெல்வார் என்பது முதற்கேள்வி. அதை மாணவர்கள் எளிதில் பிடித்துக்கொள்கிறார்கள். ஆட்டம் சராசரியாக எத்தனை சுற்று நீடிக்கும் என்ற இரண்டாவது கேள்விக்குத்தான் விடையை மனப்பாடம் செய்துவிட்டு, அது ஏன் அப்படி வருகிறது என்று சொல்லத் தெரியாமல் நிற்பார்கள்.

ஆட்டம் இதுதான். இருவரிடமும் சேர்த்து N காசுகள் உள்ளன. அவற்றில் k காசுகள் நம் ஆட்டக்காரரிடம் இருக்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் ஒரே ஒரு காசைப் பந்தயம் வைத்து நாணயத்தைச் சுண்டுகிறார்கள். தலை விழுந்தால் நம்மவருக்கு ஒரு காசு வரும், பூ விழுந்தால் ஒரு காசு போகும். ஒருவர் கை காலியாகும்போது ஆட்டம் முடிகிறது. k காசுகளோடு இருக்கும் நிலையிலிருந்து இன்னும் நடக்கவிருக்கும் சுற்றுகளின் சராசரியை D(k) என்று குறிப்போம்.

எல்லைச் சாவடிகளை ஒட்டி வரிசையாக லாட்டரிக் கடைகள் இருக்கும் ஊர் என்பதால், ‘சார், லாட்டரிக்கும் இந்தக் கணக்குப் பொருந்துமா?’ என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. பொருந்தாது. சீட்டு வாங்குகிறவர் இழப்பது சிறு தொகை, விழுந்தால் வருவது பெருந்தொகை. கைப்பணம் ஒவ்வொரு படியாக ஏறி இறங்காமல் ஒரே தாவலில் எல்லையைத் தாண்டிவிடக்கூடும். நாம் எழுதப்போகும் சமன்பாடோ ஒரு சுற்றுக்குப் பின் கையிருப்பு k+1 அல்லது k−1 என்ற இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும் என்பதை நம்பி நிற்கிறது.

முதல் சுற்றில் என்ன நடக்கிறது என்று மட்டும் பார்த்தால் சமன்பாடு கிடைத்துவிடும். ஒரு சுற்று கட்டாயம் செலவாகிறது. அதன்பின் பாதி வாய்ப்பில் k+1 காசுகளோடும் பாதி வாய்ப்பில் k−1 காசுகளோடும் ஆட்டம் புதிதாகத் தொடங்குவது போலவே தொடர்கிறது. ஆகவே,

D(k) = 1 + ½ D(k+1) + ½ D(k−1),  D(0) = 0,  D(N) = 0.

வலப்பக்கத்தில் உள்ள அந்த 1 தான் இந்தக் கேள்வியை வெற்றி வாய்ப்புக் கேள்வியிலிருந்து பிரிக்கிறது. தேர்வுத்தாளில் அதை விட்டுவிட்டவர்களை உடனே கண்டுபிடித்துவிடலாம்: இரண்டு எல்லைகளிலும் பூச்சியம் என்ற நிபந்தனையோடு அவர்களுக்கு எல்லா இடத்திலும் பூச்சியமே விடையாக வரும், அதாவது ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடும்.

இதைத் தீர்ப்பதற்கு முன் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே வரியில் தாண்டிவிடும் ஓர் இடம் உண்டு. D(k) முடிவுள்ள எண் என்று நமக்கு எப்படித் தெரியும்? அது முடிவிலியாக இருந்தால் மேலே உள்ள சமன்பாடு ‘முடிவிலி = முடிவிலி’ என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும், அடுத்த N சுற்றுகளிலும் தொடர்ந்து தலையே விழுந்தால் அது கட்டாயம் முடிந்துவிடும். அதற்கான நிகழ்தகவு 1/2^N. ஆகவே N சுற்றுகளை ஒரு கட்டாகக் கொண்டால், ஒவ்வொரு கட்டிலும் ஆட்டம் முடிய குறைந்தது அவ்வளவு வாய்ப்பு உண்டு. சராசரியாக 2^N கட்டுகளுக்கு மேல் போகாது. N = 10 என்றால் இந்த மேல்வரம்பு 10,240 சுற்றுகள். உண்மையான விடைக்கு இது மிகத் தொலைவு என்றாலும், முடிவுள்ள எண் என்று காட்ட இது போதும்.

இனித் தீர்வு. நான் தொடக்க ஆண்டுகளில் பாடநூல் முறையிலேயே துணைச் சமன்பாட்டை எழுதி மூலங்களைக் கண்டுபிடித்துக் காட்டி வந்தேன். பின்னர் வேறுபாடுகளையே நேராகப் பார்க்கும் வழிக்கு மாறிவிட்டேன். பத்தாம் வகுப்புக் கூட்டுத்தொடர் தெரிந்தால் அதற்குப் போதும். சமன்பாட்டை இரண்டால் பெருக்கி இடம் மாற்றினால்,

D(k+1) − D(k) = D(k) − D(k−1) − 2

என்று கிடைக்கிறது. அடுத்தடுத்த மதிப்புகளின் வேறுபாடு ஒவ்வொரு படியிலும் சரியாக 2 குறைகிறது என்பதே இதன் பொருள். முதல் வேறுபாடு d என்றால் மற்றவை d−2, d−4 என்று இறங்கும். இப்படி N வேறுபாடுகள் இருக்கின்றன. அவற்றைக் கூட்டினால் D(N) − D(0), அதாவது பூச்சியம் வர வேண்டும். Nd − N(N−1) = 0 என்பதால் d = N−1. முதல் k வேறுபாடுகளின் கூட்டுத்தொகை k(N−1) − k(k−1), அதுவே

D(k) = k(N − k).

N = 10 என்று வைத்துக் கரும்பலகையில் எழுதும்போது வேறுபாடுகள் 9, 7, 5, 3, 1, −1, −3, −5, −7, −9 என்று வரிசையாக நிற்கும்; அவற்றைக் கூட்டிக்கொண்டே வந்தால் 9, 16, 21, 24, 25 என்று ஏறி, பிறகு அதே எண்கள் வழியே பூச்சியத்துக்கு இறங்கும். ஆளுக்கு ஐந்து காசுகளோடு தொடங்கும் ஆட்டம் சராசரியாக 25 சுற்று நீடிக்கிறது. ஆளுக்கு ஐம்பது என்றால் 2,500. கையிருப்பைப் பத்து மடங்காக்கினால் காலம் நூறு மடங்காகிறது என்பதை இந்த அட்டவணையைப் பார்த்த மாணவர் மறப்பதில்லை.

பாடநூல் முறையிலும் இதே விடை வரும். அதில் வழுக்கும் இடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். துணைச் சமன்பாட்டுக்கு 1 என்பது இரட்டை மூலம். அதனால் A + Bk என்பது சமபடித்தான பகுதியின் தீர்வாகிவிடுகிறது. சிறப்புத் தீர்வாக ஒரு மாறிலியை வைத்துப் பார்த்தால் −2 கிடைக்காது, k-இன் மடங்கை வைத்துப் பார்த்தாலும் கிடைக்காது, ஏனெனில் இரண்டுமே ஏற்கெனவே பூச்சியத்தைத் தருபவை. ck² என்று வைத்தால்தான் 2c = −2 என்று c = −1 வருகிறது.

விடையைவிட அதன் பொருள்தான் வகுப்பில் அதிகச் சிக்கலைத் தந்தது. ஒரே ஒரு காசோடு, 999 காசுகள் வைத்திருப்பவரை எதிர்த்து ஆடுகிறார் ஒருவர். சூத்திரப்படி ஆட்டம் சராசரியாக 999 சுற்று நீடிக்க வேண்டும். ஆனால் பாதி ஆட்டங்கள் முதல் சுண்டலிலேயே முடிந்துவிடுகின்றன! மூன்றாவது சுற்று முடிவதற்குள் எட்டு ஆட்டங்களில் ஐந்து முடிந்திருக்கும். முரண்பாடு போலத் தோன்றினாலும் சமன்பாட்டிலேயே இதைச் சரிபார்க்கலாம்: D(2) = 2 × 998 = 1,996; அதில் பாதி 998; செலவான ஒரு சுற்றைச் சேர்த்தால் 999. முதல் சுற்றில் தப்பித்துவிட்ட சில ஆட்டங்கள் மிக நீண்ட காலம் ஓடி, சராசரியைத் தூக்கிப் பிடிக்கின்றன.

இதைக் கையால் உணரட்டும் என்று புளியங்கொட்டைகளைக் காசாக வைத்து, ஒருவருக்கு ஒன்று, மற்றவருக்கு ஒன்பது என்று ஆடச் சொல்வேன். சூத்திரம் சொல்லும் சராசரி 9. இருபது ஆட்டங்களின் சராசரி ஒரு பெஞ்சில் நான்கைந்து என்று வரும், அடுத்த பெஞ்சில் பதினான்கு என்று வரும். சூத்திரம் தவறு என்று இரு பெஞ்சும் ஒரே குரலில் சொல்லும். நிகழ்ந்தது வேறு. நீடிப்புக் காலத்தின் பரவற்படி k(N−k)(k² + (N−k)² − 2)/3; இங்கே அது 9 × 80 ÷ 3 = 240, திட்ட விலக்கம் ஏறத்தாழ 15.5. இருபது ஆட்டங்களின் சராசரிக்கே திட்டப்பிழை மூன்றரைச் சுற்று இருப்பதால் அந்த ஏற்ற இறக்கம் இயல்பானதுதான். எல்லாப் பெஞ்சுகளின் ஆட்டங்களையும் ஒரே பட்டியலில் சேர்த்தால் சராசரி ஒன்பதை நோக்கி நகரும்.

எதிராளியின் செல்வத்துக்கு வரம்பே இல்லை என்றால் N வளர வளர k(N−k) எல்லையின்றி வளர்கிறது. நம்மவர் ஓட்டாண்டியாவது உறுதி, ஆனால் அதற்கு ஆகும் சராசரிக் காலம் முடிவிலி. மேல் எல்லை இல்லாத அந்த ஆட்டத்துக்கு D(0) = 0 என்ற ஒரே நிபந்தனையை வைத்துச் சிலர் −k² என்று எழுதிக்கொண்டு வருவார்கள்; சுற்றுகளின் எண்ணிக்கை எதிர்க்குறியாக இருக்க முடியாது என்பதைக் கவனித்தாலே போதும். முடிவுள்ளதா என்று முதலில் கேட்டுக்கொண்டது இங்கேதான் பயன்படுகிறது.

நாணயம் ஒருபக்கம் சாய்ந்திருந்தால் வெற்றி வாய்ப்பு p, தோல்வி வாய்ப்பு q என்று கொள்ள வேண்டும். மூலங்கள் 1, q/p என்று பிரிந்துவிடுகின்றன. சிறப்புத் தீர்வு k/(q−p). எல்லை நிபந்தனைகளை இட்டால்,

D(k) = k/(q−p) − [N/(q−p)] · [1 − (q/p)^k] / [1 − (q/p)^N].

இதில் p = q என்று நேராக இட்டால் பூச்சியத்தால் வகுக்க நேரிடும்; மூலங்கள் ஒன்றுசேரும் இடம் அது, அங்கே k(N−k)-ஐத்தான் பயன்படுத்த வேண்டும்.

இதற்கு நான் கொடுக்கும் எடுத்துக்காட்டு, ஹைகன்ஸ் 1657-இல் வெளியிட்ட சிறு நூலின் இறுதியில் வைத்த ஐந்து கணக்குகளில் கடைசியானது. இருவரிடம் தலா 12 காசுகள். மூன்று பகடைகளை உருட்டி 14 விழுந்தால் ஒருவருக்கு ஒரு காசு, 11 விழுந்தால் மற்றவருக்கு ஒரு காசு, வேறு எது விழுந்தாலும் மாற்றமில்லை. அவர் கேட்டது வெற்றி வாய்ப்புகளின் விகிதத்தை மட்டுமே. நாம் காலத்தைக் கேட்போம். 216 வழிகளில் 14 விழுவது 15 வழிகளில், 11 விழுவது 27 வழிகளில்; எனவே காசு கைமாறும் சுற்றுகளை மட்டும் எடுத்தால் p = 5/14, q = 9/14. q−p = 2/7 என்பதால் k/(q−p) = 42. இரண்டாவது உறுப்பைச் சேர்த்த பிறகு D(12) ஏறத்தாழ 41.93. நேர்மையான நாணயம் என்றால் அதே 12 காசுகளுக்கு 12 × 12 = 144 சுற்றுகள் ஆகியிருக்கும். ஒருபக்கச் சாய்வு ஆட்டத்தை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சுருக்கிவிட்டது. வாய்ப்புக் குறைந்தவர் சுற்றுக்கு 2/7 காசு வீதம் இழந்துகொண்டே போய் 12 காசுகளையும் தீர்க்கும் காலம்தான் அந்த 42.

ஆனால் பகடை உருட்டுகிறவர்களுக்கு இது முழு விடையாகாது. 216-இல் 42 வழிகளில், அதாவது 7/36 வாய்ப்பில்தான் ஓர் உருட்டலில் காசு கைமாறுகிறது. ஆகவே 41.93-ஐ 36/7-ஆல் பெருக்க வேண்டும், ஏறத்தாழ 215.6 உருட்டல்கள். இந்தப் பெருக்கலைச் செய்யாமல் 42 என்று எழுதி நிறுத்தியவருக்கு நான் பாதி மதிப்பெண் கொடுப்பது வழக்கம், ஏனெனில் வேறுபாட்டுச் சமன்பாட்டை அவர் சரியாகத்தான் தீர்த்திருக்கிறார், ஒரு சுற்று என்று எதை எண்ணினார் என்பதைத்தான் எழுதவில்லை.