விதை போஸ்ட்டோட கடைசி வரியை மாத்திப் பாத்தது

மாடித்தோட்டத்துல மிச்சமாகற விதையை ஆடிப்பட்டத்துக்கு முன்னாடி இன்ஸ்டால போஸ்ட் போட்டு ஃப்ரீயா குடுக்கறது வழக்கம், இந்த தடவை விதையை விட கடைசி வரியில தான் அதிக நேரம் போச்சு.

பழைய வரி இது: "வெண்டை விதை வேணுங்கறவங்க தொடர்பு கொள்ளுங்க, லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க, ஸ்டாக் முடியறதுக்குள்ள முந்துங்க!" லைக் வரும், விதை போகாது. கமென்ட்ல மட்டும் "எப்படி வாங்கறது", "எவ்ளோ ஆகும்", "கொரியரா"ன்னு வரிசையா நிக்கும். அந்த கமென்டையே லிஸ்ட்டா வச்சுகிட்டேன், ஒவ்வொரு கேள்வியும் வரியில எது இல்லைன்னு சொல்லிடுது.

முதல்ல லைக், ஷேரை தூக்கினேன், விதை போஸ்ட்ல விதை கேக்கறது மட்டும் தான் வேலை. அப்புறம் கேக்கற வேலையை சின்னதாக்கினேன். தெரியாதவங்களுக்கு என்னன்னு மெசேஜ் ஆரம்பிக்கறதுன்னு நிறைய பேர் தயங்குவாங்க, அதனால மெசேஜை நானே எழுதி வாட்ஸ்அப் லிங்க்ல வச்சுட்டேன்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Vendai%20vidhai%20venum
```

தட்டினா சாட் திறந்து மெசேஜ் ரெடியா இருக்கும், அனுப்பற பட்டனை அவங்க அழுத்தினா போதும். நம்பருக்கு முன்னாடி பிளஸ்ஸோ பூஜ்யமோ போடக்கூடாது, இடைவெளிக்கு %20. இன்ஸ்டா கேப்ஷன்ல லிங்க் போட்டா தட்ட முடியாது, அதனால பயோலயும் ஸ்டோரியோட லிங்க் ஸ்டிக்கர்லயும் தான் வச்சேன்.

இப்போ இருக்கற வரி: "வெண்டை விதை வேணும்னா பயோ லிங்க்கை தட்டி மெசேஜ் அனுப்புங்க. என் அட்ரஸ் வரும், உங்க அட்ரஸ் எழுதி ஸ்டாம்ப் ஒட்டின கவரை அனுப்பினா பத்து விதை போட்டு திருப்பி அனுப்பறேன். விதைக்கு காசு இல்ல. ஆடி 18க்குள்ள கையில கிடைக்கணும்ங்கறதால ஜூலை 20 வரைக்கும் வர்ற கவருக்கு தான் இந்த தடவை. இப்போ தோதுப்படலைன்னா தைப்பட்டத்துக்கும் குடுப்பேன்."

"முந்துங்க"வுக்கு பதிலா தேதி, தேதிக்கு காரணமும் பக்கத்துலயே. காரணம் இல்லாத கடைசி தேதி கடைக்காரர் அவசரப்படுத்தற மாதிரி தான் கேக்கும். தைப்பட்டம் வரியை சேக்கலாமா வேணாமான்னு ரொம்ப யோசிச்சேன், எல்லாரும் தள்ளிப்போட்டுடுவாங்களோன்னு பயம். ஆனா உண்மையிலயே மறுபடி குடுப்பேன்னா அதை மறைச்சு அவசரம் காட்டறது எனக்கு ஒட்டல, வச்சுட்டேன்.

"எப்படி வாங்கறது" கமென்ட் கிட்டத்தட்ட நின்னுடுச்சு. புது சிக்கல் என்னன்னா மெசேஜ் அனுப்பினவங்கள்ல பாதி பேர்கிட்டருந்து கவர் வரல. கேப்ஷன்ல முதல் ரெண்டு வரிக்கு கீழ மடங்கிடறதால கவர் விஷயத்தை படிக்காமலே லிங்க்குக்கு போறாங்கன்னு நினைக்கிறேன், அடுத்த போஸ்ட்ல "ஸ்டாம்ப் ஒட்டின கவர் அனுப்பினா வெண்டை விதை ஃப்ரீ"ன்னு முதல் வரியிலயே ஆரம்பிக்கப் போறேன். மெசேஜ் குறையும், குறையட்டும், நான் பாக்கப்போறது கவரை தான்.