புரதக் கட்டத்தின் பச்சை: வீட்டிலேயே சிறுநீர்ப் பட்டை பார்த்த அனுபவம்

எங்கள் மகளுக்கு நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம். சிறுநீரகத்தின் வடிகட்டி ஆல்புமின் என்ற புரதத்தை விட்டுவிடுவதால் அது சிறுநீரில் போய்விடுகிறது, உடம்பில் நீர் கோத்துக்கொள்கிறது. காலையில் கண் இமை வீங்குவதில்தான் எங்களுக்கு முதலில் தெரிந்தது. ஸ்டீராய்டு மாத்திரைக்கு நன்றாகக் கேட்டது. ஆனால் இந்த நோய் பல பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்ப வரும் என்று மருத்துவமனையில் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். வீக்கம் கண்ணில் படுவதற்கு முன்பே புரதம் பட்டையில் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் தினமும் காலையில், மருந்துக் கட்டங்கள் ஒட்டிய சோதனைப் பட்டையைச் சிறுநீரில் நனைத்து நிறம் மாறுகிறதா என்று பார்த்து, நோட்டில் எழுதும் பொறுப்பு எங்கள் கைக்கு வந்தது.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த தாதி தமிழர். ஏற்கெனவே பல அம்மாக்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. "பாட்டில பாத்ரூம்ல மட்டும் வச்சிராதீங்கம்மா," என்றுதான் தொடங்கினார். நம் ஊர் ஈரப்பதம் பட்டைக்கு ஆகாது. ஒரு பட்டையை எடுத்த கையோடு மூடியை இறுக்கிவிட வேண்டும். உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சியை எடுத்து எறியக்கூடாது. குளிர்சாதனப் பெட்டியிலும் வைக்கக்கூடாது. கெட்டுப்போன பட்டையைக் கண்டுபிடிக்க அவர் ஒரு வழி சொன்னார்: நனைப்பதற்கு முன்பே காய்ந்த கட்டத்தை, பட்டையோடு வரும் நிற அட்டவணையில் புரதம் இல்லை என்று பொருள்படும் 'நெகட்டிவ்' நிறத்தோடு வைத்துப் பார்ப்பது. நனைக்காமலே நிறம் மாறியிருந்தால் அந்தப் பட்டையை நம்ப முடியாது. இன்றும் நான் அதைப் பார்க்காமல் நனைப்பதில்லை.

காலையின் முதல் சிறுநீரை ஏன் கேட்கிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டது பெரிய உதவி. சில பிள்ளைகளுக்குப் பகலில் நின்று, ஓடி விளையாடும்போது நோய் இல்லாமலே கொஞ்சம் புரதம் இறங்கும். இரவு முழுக்கப் படுத்திருந்து எழுந்தபின் வரும் சிறுநீரில் அந்தக் குழப்பம் இருக்காது. அதனால் மகள் தூங்கப்போகும் முன் ஒருமுறை கழிப்பறைக்குப் போய்விடுவாள். காலையில் எழுந்ததும் ஒரு காகிதக் குவளை. கழிப்பறையைக் கழுவும் கிருமிநாசினி ஒட்டிய பழைய டப்பா கூடாது, அவற்றில் சில வகை மருந்துகள் புரதமே இல்லாவிட்டாலும் கட்டத்தைப் பச்சையாக்கும். எடுத்த சிறுநீரை ஆறப்போடவும் கூடாது. வெளியில் நேரம் கழிந்தால் கிருமிகள் பெருகி அது காரமாகும், காரம் ஏறினாலும் கட்டம் பொய்யாகப் பச்சை காட்டும்.

இது ஏன் என்று நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். புரதக் கட்டத்தில் மஞ்சளாக இருக்கும் ஒரு சாயமும், அதை எப்போதும் அமிலத்தன்மையில் பிடித்துவைக்கும் ஒரு மருந்தும் இருக்கின்றன. ஆல்புமின் வந்தால் அது சாயத்திடமிருந்து ஹைட்ரஜன் அயனியைப் பிடுங்கிக்கொள்ளும், சாயம் பச்சையாகும். அதிகக் காரமான சிறுநீர் அந்த அமிலத்தையே மிஞ்சிவிட்டால் ஆல்புமின் இல்லாமலே சாயம் மாறிவிடும். அந்தக் கட்டத்தில் நடப்பது இவ்வளவுதான் என்று தெரிந்தபின், எதைக் கவனிக்க வேண்டும் என்பதை மனப்பாடம் செய்யத் தேவைப்படவில்லை.

நனைப்பது ஒரு நொடி வேலை. எல்லாக் கட்டமும் மூழ்கும்படி விட்டு உடனே எடுத்து, குவளையின் விளிம்பில் பட்டையின் ஓரத்தை இழுத்து, டிஷ்யூவில் ஓரத்தை மட்டும் ஒற்றுவோம். பிறகு பட்டையைப் படுக்கைவாக்கில் பிடிக்க வேண்டும். செங்குத்தாகப் பிடித்தால் ஒரு கட்டத்தின் மருந்து வழிந்து பக்கத்துக் கட்டத்தில் கலந்துவிடும். எங்களுடையது பல கட்டங்கள் உள்ள பட்டை. ஒவ்வொன்றுக்கும் நேரம் வேறு: சர்க்கரைக்கு 30 நொடி, சிறுநீரின் அடர்த்திக்கு 45, புரதத்துக்கு 60. நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும், பாட்டிலில் அச்சிட்டிருப்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் பட்டையை இன்னொன்றின் அட்டவணையோடு ஒப்பிடவே கூடாது, சாயமும் நிறமும் வேறாக இருக்கும். கைப்பேசியில் நொடி ஓடவிட்டு 60 வந்ததும் பார்த்துவிடுவேன். இரண்டு நிமிடம் கழித்து அது எவ்வளவு பச்சையாக இருந்தாலும் எனக்குக் கணக்கில்லை.

அடுத்தது வெளிச்சம். எங்களுக்கு இதுதான் மிகக் கடினமான பகுதி. பாலர் பள்ளிக்குக் கிளம்ப வேண்டுமென்றால் ஆறு மணிக்கெல்லாம் மகள் எழுந்துவிடுவாள். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் எழும். ஆறு மணிக்குச் சன்னல் வெளிச்சம் என்ற பேச்சே இல்லை. கழிப்பறையில் மஞ்சள் பல்பு, அதன் கீழே இளம்பச்சையும் மஞ்சளாகத் தெரியும், நெகட்டிவுக்கும், மிகக் கொஞ்சம் புரதம் என்று பொருள்படும் ட்ரேஸுக்கும் வித்தியாசம் மறைந்துவிடும். சமையலறையில் வெள்ளை விளக்கு இருப்பதால் அதன் நேர் கீழே, வெள்ளைத் தட்டின் மேல், அட்டவணையை ஒட்டி வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். எந்த விளக்கு என்பதைவிட தினமும் ஒரே விளக்கு என்பது முக்கியம். அப்போதுதான் நேற்றைய பச்சையையும் இன்றைய பச்சையையும் ஒப்பிட முடிகிறது. படமெடுத்து அனுப்பலாமே என்று கேட்டோம். கைப்பேசிக் கேமரா தானாகவே நிறத்தைச் சரிசெய்துவிடும், அதனால் கண்ணால் பார்த்ததையே எழுதுங்கள் என்றார்கள்.

எங்கள் அட்டவணையில் நெகட்டிவ் சுத்தமான மஞ்சள். ட்ரேஸ் வாழைக்குருத்துப் பச்சை. 1+ அதற்கு அடுத்த பச்சை, அதன்பின் பச்சை கூடிக்கூடி 3+ வரும்போது நீலம் கலந்துவிடுகிறது. எண்ணில் சொன்னால் 1+ என்பது டெசிலிட்டருக்கு 30 மில்லிகிராம், 2+ என்பது 100, 3+ என்பது 300, 4+ என்பது 2000 அல்லது அதற்கும் மேல். படிகள் சமமாக இல்லை என்பதைக் கவனியுங்கள். 1+க்கும் 2+க்கும் நடுவில் ஒரு சாயல் விலகினால் புரதம் மூன்று மடங்கு விலகியிருக்கிறது. எனக்கும் என் கணவருக்கும் கருத்து வேறுபாடு வந்ததெல்லாம் இந்த இடத்தில்தான்.

இதற்கு அந்தத் தாதி சொன்ன முறை நல்ல முறை. ஒரே நிறத்தை உற்றுப் பார்த்து "இதுதானா, இதுதானா" என்று யோசிக்காமல், இரண்டு பக்கத்து நிறங்களோடும் வைத்துப் பார்க்கச் சொன்னார். 2+ஐ விட வெளிறியிருக்கிறதா, 1+ஐ விட அடர்ந்திருக்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால், எது நெருக்கமோ அதை எழுதிப் பக்கத்தில் "நடுவில்" என்று ஒரு சொல் சேர்க்கச் சொன்னார். நானும் என் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தனித்தனியாகச் சொல்வோம். ஒத்துப்போகாத நாளில் இரண்டையும் எழுதிவைப்போம்.

ஒரு முறை மகளுக்குச் சளி பிடித்துக் காய்ச்சல் வந்தது. சளிக்காய்ச்சல்தான் இந்த நோய் திரும்புவதற்கு அடிக்கடி வழிவிடும் என்பது தெரிந்ததால் பட்டையை எடுக்கும்போதே கை பதறியது. பல மாதம் நெகட்டிவாக இருந்தது அன்று ட்ரேஸ் காட்டியது. மறுநாள் 1+. அடுத்த நாள் எனக்கு 2+, கணவருக்கு 1+. அத்தை உடனே "மாத்திரையை ஆரம்பிச்சிடுங்க" என்றார். அவருக்கு முன்பு பார்த்த வீக்கம் கண்ணிலேயே நின்றது.

அன்று பக்கத்துக் கட்டம் உதவியது. அடர்த்திக் கட்டம் மஞ்சளுக்கு வந்து 1.030 காட்டியது. காய்ச்சலில் அவள் தண்ணீர் குடிக்கவே இல்லை, சிறுநீர் கெட்டியாக இருந்தது. பட்டை காட்டுவது செறிவைத்தான், மொத்தம் எவ்வளவு புரதம் போனது என்பதை அது சொல்லாது. கெட்டியான சிறுநீரில் அதே புரதம் அதிகப் பச்சையாகத் தெரியும். 1.005 என்று தண்ணீராக இருக்கும் நாளில் 1+ வந்தால்தான் நான் கூடுதலாகக் கவலைப்படுவேன். மருத்துவமனைக்கு அழைத்து நோட்டில் இருந்ததை வாசித்தேன். மாத்திரை வேண்டாம், தண்ணீர் கொடுங்கள், காலையில் தொடர்ந்து பாருங்கள் என்றார்கள். மறுநாள் இருவருக்கும் 2+. எனக்கு அன்றைய காலை நீளமானது. அடுத்து 1+, பிறகு ட்ரேஸ், காய்ச்சல் விட்டபின் மஞ்சள். ஒரு மாத்திரைகூடக் கொடுக்கவில்லை. அத்தை அமைதியானார், ஆனால் தினமும் நோட்டைப் பார்ப்பதை விடவில்லை. நானும் அதைத் தடுக்கவில்லை.

எங்களுக்குச் சொல்லப்பட்ட கணக்கு இதுதான்: தொடர்ந்து மூன்று நாள் 3+ அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் திரும்பிவிட்டது என்று பொருள். தொடர்ந்து மூன்று நாள் நெகட்டிவ் அல்லது ட்ரேஸ் என்றால் தணிந்துவிட்டது. ஒற்றை நாள் பச்சைக்கு ஸ்டீராய்டு தொடங்கினால், தேவையில்லாத மருந்தைப் பிள்ளை விழுங்க வேண்டியிருக்கும். ஸ்டீராய்டு பசியைத் தூண்டும், முகத்தை உப்பவைக்கும், சர்க்கரையையும் ஏற்றக்கூடும். அதனால் மாத்திரை சாப்பிடும் காலத்தில் சர்க்கரைக் கட்டத்தையும் அதற்குரிய நேரத்தில் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

பிறகு நோய் உண்மையாகவே திரும்பியது. அப்போது சந்தேகத்துக்கே இடமில்லை. காய்ச்சல் இல்லை, தண்ணீர் நன்றாகக் குடித்தாள், அடர்த்தியும் நடுத்தரமாகத்தான் இருந்தது. கட்டமோ நீலப்பச்சையாகி மூன்று காலையும் அப்படியே நின்றது. இருவருமே யோசிக்காமல் 3+ என்றோம். மருத்துவமனையில் அதே காலைச் சிறுநீரில் புரதத்துக்கும் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்து உறுதி செய்தார்கள். கண்ணுக்கு வீக்கம் வருவதற்கு முன்பே மாத்திரை தொடங்கிவிட்டது. மாத்திரைக் காலத்தில் பச்சை ஒவ்வொரு படியாக இறங்குவதை எழுதும்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மூன்று நாள் காத்திருக்கும் இந்தக் கணக்கு, பிள்ளை நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும்போது மட்டும் பொருந்தும். முகமோ வயிறோ வீங்கினால், சிறுநீர் குறைந்தால், பட்டை என்ன காட்டினாலும் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துவிட வேண்டும். காய்ச்சலோடு வயிற்றுவலி வந்தால் அவசரப் பிரிவுக்கே போய்விட வேண்டும். இந்த நோயில் வயிற்றுக்குள் கிருமித்தொற்று வர வாய்ப்பு உண்டு. அதைக் காட்டும் கட்டம் எதுவும் பட்டையில் இல்லை.