ரென்ச் கணக்கு எங்கே தடுக்குகிறது

ஒரே தளத்தில் உள்ள விசைகளைச் சுருக்குவதில் பெரிய வேலை இல்லை. தொகுபயன் விசை R, திருப்புத்திறன் M இரண்டையும் கண்டுபிடித்து, M-ஐ R-ஆல் வகுத்த தூரத்துக்கு விசையைத் தள்ளி வைத்தால் இரட்டை மறைந்துவிடும். அந்தப் பழக்கத்தோடு முப்பரிமாணக் கணக்கைத் தொட்டால்தான் சிக்கல். விசையைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது பிறக்கும் இரட்டை எப்போதும் அந்த விசைக்குச் செங்குத்தாகவே இருக்கும். ஆகவே M-இல் R-க்குச் செங்குத்தான பகுதியை மட்டுமே அதனால் அடிக்க முடியும். R-க்கு இணையான பகுதி எங்கே போனாலும் கூடவே வரும். மிஞ்சுவது ஒரு விசையும் அதே திசையில் ஓர் இரட்டையும். ஸ்க்ரூடிரைவரை அழுத்திக்கொண்டே திருகுவது போன்ற இந்த ஜோடிதான் ரென்ச்.

ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். x திசையில் 3 மீ, y திசையில் 2 மீ, z திசையில் 1 மீ. ஆதிப்புள்ளி O கீழ் மூலையில். (0,0,1) புள்ளியில் x திசையில் 10 N, (3,0,0) புள்ளியில் y திசையில் 20 N, (0,2,0) புள்ளியில் z திசையில் 20 N. மூன்று விசைகளும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை.

விசைகளைக் கூட்டினால் R = (10, 20, 20), அதன் அளவு 30 N. ஒவ்வொரு விசைக்கும் r × F போட்டுக் கூட்டினால் O-வைப் பற்றி M = (40, 10, 60) N·m. கணக்கில் தனியாக ஓர் இரட்டையும் கொடுத்திருந்தால் அதை அப்படியே M-உடன் கூட்ட வேண்டும். அது எங்கே இருக்கிறது என்பது பொருட்டல்ல. அதற்கும் r போட்டுப் பெருக்குவது அடிக்கடி பார்க்கும் தவறு.

அடுத்து R·M = 400 + 200 + 1200 = 1800. இங்கே ஒரு நிமிடம் நிற்பது நல்லது, ஏனென்றால் இந்த எண் எந்தப் புள்ளியைப் பற்றி எடுத்தாலும் மாறாது. எதிர் மூலை (3,2,1)-ஐப் பற்றித் திருப்புத்திறன் எடுத்தால் (20, 60, 20) வருகிறது. R-உடன் ஸ்கேலர் பெருக்கல் போட்டால் மறுபடியும் 1800. மாறியிருந்தால் எங்கோ ஒரு குறி பிசகியிருக்கிறது, மேலே போவதில் அர்த்தமில்லை.

1800-ஐ R-இன் வர்க்கமான 900-ஆல் வகுத்தால் பிட்ச் p = 2 மீ. பிட்ச் ஒரு நீளம். திருப்புத்திறன் N·mm-இலும் தூரம் மீட்டரிலும் கலந்திருந்தால் இங்கே ஆயிரம் மடங்கு பிசகி நிற்கும். இணையான இரட்டை pR = (20, 40, 40), அளவு 60 N·m. M-இலிருந்து அதைக் கழித்தால் செங்குத்துப் பகுதி (20, −30, 20). R-உடன் பெருக்கினால் 200 − 600 + 400 = 0, சரி.

இனி அச்சு எங்கே என்பது. அச்சின் மேல் உள்ள (x, y, z) புள்ளிக்கு r × R இந்தச் செங்குத்துப் பகுதிக்குச் சமமாக வேண்டும்:

```
20y - 20z = 20
10z - 20x = -30
20x - 10y = 20
```

மூன்று சமன்பாடு இருந்தாலும் இரண்டுதான் தனித்தவை, அதனால் ஒரு புள்ளி அல்ல, ஒரு கோடு கிடைக்கும். z = 0 என்று வைத்தால் y = 1, x = 1.5. மூன்றாவதில் போட்டால் 30 − 10 = 20, பொருந்துகிறது. R-க்கு z கூறு இல்லாத கணக்கில் மட்டும் வேறொரு தளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெரும்பாலானவர்கள் வழுக்குவது இந்த இடத்தில்தான்: வலப்பக்கம் முழு M-ஐயும் எழுதிவிடுவார்கள். அப்படிச் செய்தால் z = 0 என்னும்போது y = 2, x = −0.5 வரும், மூன்றாவது சமன்பாடோ 60-க்குப் பதில் −30 தரும். அதைப் பார்த்துவிட்டுப் பெருக்கலில் பிழை தேடிக்கொண்டிருப்பது வீண். இணையான பகுதியைக் கழிக்காததுதான் காரணம். இன்னொரு வழி r = R × M / R² என்ற சூத்திரம். அது O-வுக்கு மிக அருகிலுள்ள அச்சுப் புள்ளியை, இங்கே (10/9, 2/9, −7/9)-ஐ, நேராகத் தரும். அதில் முழு M போட்டாலும் பரவாயில்லை, இணையான பகுதி வெக்டர் பெருக்கலில் தானாகவே பூஜ்யமாகிவிடும். M × R என்று வரிசையை மாற்றினால் மட்டும் O-வுக்கு மறுபக்கம் போய்விடுவோம்.

R·M பூஜ்யமாகி R பூஜ்யமாகாமல் இருந்தால் தனி விசை மட்டுமே மிஞ்சும். R பூஜ்யம் என்றால் வெறும் இரட்டைதான், அச்சைத் தேடக் கூடாது. p எதிர்மறையாக வந்தால் பிழையில்லை. இரட்டை விசைக்கு எதிர்த்திசையில், இடக்கை மரை போல, திருகுகிறது.

நம் பெட்டியில் அச்சு அடித்தளத்தின் நடுப்புள்ளியில் நுழைந்து, (1, 2, 2) திசையில் ஏறி, மேல் விளிம்பில் (2, 2, 1) புள்ளியில் வெளியேறுகிறது. அந்தக் கோட்டின் வழியே 30 N தள்ளல், அதைச் சுற்றி 60 N·m முறுக்கு.