பாய்க்கு வந்த கணக்கு

பத்தமடை மதினி காலையில் போனை நீட்டினார். ஆன்லைன் சந்தையில் 1,500 ரூபாய்க்கு விற்ற கோரைப்பாய்க்குக் கையில் வந்தது 1,090.

கமிஷன் 180, அதற்கு ஜிஎஸ்டி 32. மீதி 198 கூரியர்.

"ஒரு கிலோகூட இல்லாத பாய்க்கா இவ்வளவு?"

கூரியரில் எடை மட்டுமல்ல, பார்சல் அடைக்கும் இடத்தையும் கிலோவாக்கிப் பார்த்து, எது அதிகமோ அதற்குக் காசு வாங்குவார்கள். சுருட்டிய பார்சல் 100×12×12 செ.மீ. பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் 2.88 கிலோ. மூன்று கிலோவுக்குக் காசு!

சொந்த வெப்சைட்டிலும் கூரியர் இதேதான். கமிஷனுக்குப் பதில் பேமென்ட் கேட்வேக்கு முப்பத்தைந்து ரூபாய் போலப் போகும். ஆனால் ஆளை நாம்தான் கூட்டிவர வேண்டும், விளம்பரச் செலவு கமிஷனையே தாண்டிவிடும்.

அப்புறம் எதற்கு வெப்சைட்? சந்தையில் வாங்கியவர் நம்பர் நமக்குக் கிடைக்காது. பெண் மாப்பிள்ளை பெயர் நெய்த கல்யாணப் பாய்க்கோ, எழுத்தைக் கேட்டுச் சரிபார்க்காமல் தறியில் கைவைக்க முடியாது.

சாதாப் பாய் சந்தைக்கு, கல்யாணப் பாய் வெப்சைட்டுக்கு என்றேன். மதினி முதலில் பார்சலை ஒல்லியாகச் சுருட்டிப் பார்க்கிறார்.